டீச்சரின் குரல்: ஓய்வும் தண்ணீரும் பழக்கமும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டுக் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையை எழுதியவர்கள் நாங்கள் இருவர். ஒரே வகுப்பில் அடுத்தடுத்த மேசையில் இருந்தவர்கள். எங்களில் ஒருவர் வைத்தியசாலையில் பேச்சு மொழிச் சிகிச்சையாளராக இருக்கிறார். மற்றவர் ஓப்பநாயக்கப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. வாசிப்பது சிகிச்சையாளர் மட்டுந்தான். டீச்சர் பக்கத்தில் இருந்து தலையாட்டுவார். நேற்று மாலை வரை பிள்ளைகளோடு ஒத்திகையில் நின்றவர் என்பதால் இன்று அவருடைய குரலுக்கு விடுமுறை. அந்த விடுமுறையைப் பற்றித்தான் எங்கள் பேச்சும்.

இந்த மண்டபத்தில் ஆசிரியத் தொழிலுக்குப் போனவர்கள் கையை உயர்த்துங்கள் என்றால் பாதிக்கு மேல் கைகள் எழும்பும். தொண்டை கட்டிக்கொண்டே ஒரு தவணை முழுக்கப் படிப்பித்தவர்கள் யார் என்று கேட்டால் அதே கைகள் இறங்காமல் நிற்கும். நமக்கு அது ஒரு வருத்தமாகவே தோன்றுவதில்லை. சேலையில் வெண்கட்டித் தூள் படிவது போல, டீச்சர் என்றால் குரல் கம்மத்தான் செய்யும் என்று விட்டுவிடுகிறோம். எங்களில் டீச்சரும் அப்படித்தான் விட்டார். அவருடைய கதையை அவருடைய சம்மதத்தோடு சொல்கிறோம்.

ஓப்பநாயக்க எங்கே இருக்கிறது என்று வெளிநாட்டில் இருந்து மலரை வாசிப்பவர்கள் மறந்திருக்கலாம். பெல்மதுளையில் இருந்து பலாங்கொடைக்குப் போகும் வழியில், ஒரு காலத்தில் களனிவெளி ரயில் பாதை வந்து முடிந்த ஊர். சுற்றிலும் தேயிலையும் இறப்பரும். மழைக்குக் குறைவில்லை. டீச்சருடைய பாடசாலையின் ஆரம்பப் பிரிவு ஒரே நீண்ட மண்டபம். மேலே தகரம். தரம் ஒன்றில் இருந்து ஐந்து வரை எல்லாம் அதற்குள்தான். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, ஒரு கரும்பலகை மட்டும் நிற்கும். தரம் மூன்று வாய்பாடு சொல்லும்போது தரம் நான்கு தமிழ் வாசிக்கும். மழை வந்தால் எவர் சொல்வதும் எவருக்கும் கேட்காது.

அந்த வருடம் மாசி மாதம் இல்ல விளையாட்டுப் போட்டி. இரண்டு வாரம் மைதானத்தில் நின்று கத்தியதில் டீச்சருக்குக் குரல் கம்மியது. தடிமன் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் குடித்தார். தொண்டைக்கு மிட்டாய் மாதிரி மாத்திரை வாங்கிச் சூப்பினார். காலையில் ஓரளவு நன்றாக இருக்கும் குரல் நான்காம் பாடவேளைக்குள் கரகரத்து, கடைசிப் பாடவேளையில் காற்றாகவே வரும். சித்திரை விடுமுறை வந்தது. வீட்டில் பேச ஆளில்லாமல் இரண்டு வாரம் இருந்ததில் குரல் திரும்பியது. சுகமாகிவிட்டது என்று நினைத்தார். இரண்டாம் தவணை தொடங்கிப் பத்து நாட்களுக்குள் பழையபடி போய்விட்டது.

இந்த ஏற்ற இறக்கத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வில் தேறி, வேலையில் கெடும் குரல், குரலைப் பயன்படுத்தும் விதத்தில் ஏதோ பிழை இருப்பதைக் காட்டுகிறது. வேறு நோயாலும் குரல் கம்மலாம் என்பதால், காரணத்தை உறுதிசெய்யத் தொண்டைக்குள் பார்த்தே ஆக வேண்டும். டீச்சர் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது மூன்று மாதம் கழிந்திருந்தது. பார்ப்பது பயப்படும் வேலை அல்ல. மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, மெல்லிய குழாய்க் கமராவை உள்ளே விட்டு, “ஈ என்று சொல்லுங்கள்” என்பார்கள். சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

குரல் நாண்களை உயிருள்ள ஒருவரின் தொண்டைக்குள் முறையாகப் பார்த்து விவரித்தவர் ஒரு வைத்தியர் அல்லர், ஓர் ஆசிரியர் என்பதை இங்கே சொல்ல ஆசைப்படுகிறோம். மனுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் 1854ஆம் ஆண்டு பல்வைத்தியரின் சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பித் தன் நாண்களையே பார்த்தார். தன் மாணவர்களின் குரல் எப்படிப் பிறக்கிறது என்று அறியும் ஆவலில் செய்தது அது.

அவர் பார்த்ததைத்தான் டீச்சரும் திரையில் பார்த்தார். இரண்டு வெள்ளை நாண்கள், முன்னால் ஒட்டியும் பின்னால் விரிந்தும். பெண்களில் அதிரும் பகுதி ஏறத்தாழ ஒரு சென்றிமீற்றர்தான், சுண்டுவிரல் நகத்தின் அகலம். அந்த ஒரு சென்றிமீற்றரின் நடுவில், இரண்டு பக்கமும் எதிரெதிரே, இரண்டு சிறிய மேடுகள். அவைதான் குரல் நாண் முடிச்சுகள்.

முடிச்சு என்ற சொல்லைக் கேட்டதும் டீச்சருக்குக் கை நடுங்கியது. புற்றுநோயா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை. கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் கையில் காய்ப்பு விழுவது எல்லோரும் பார்த்தது. அதே காய்ப்புத்தான் இது. நாண்கள் ஒன்றோடொன்று மோதும்போது மிகக் கடுமையாக அடிபடுவது அதிரும் பகுதியின் நடு இடம். அங்கே முதலில் வீக்கம் வருகிறது. வீக்கம் ஆறுவதற்கு முன் மறுநாளும் அடிபடுகிறது. வாரக்கணக்கில் இப்படிப் போனால் தோல் தடித்துப்போகிறது. புதிதாக வந்தது மெத்தென்றிருக்கும், பழக்கத்தை மாற்றினால் பெரும்பாலும் வற்றும். வருடக்கணக்கில் விட்டது இறுகிவிடும், அது அவ்வளவு எளிதில் போகாது.

அடி எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். பெண் குரல் சாதாரணப் பேச்சில் விநாடிக்கு ஏறத்தாழ 200 தடவை அதிரும். வகுப்பில் சத்தம் உயரும்போது சுருதியும் உயரும் என்பதால் 240 என்று வைப்போம். டீச்சருக்கு ஒரு நாளில் 40 நிமிடப் பாடவேளைகள் ஏழு, அதாவது 280 நிமிடம். அதில் கால் பங்கு நேரம் உண்மையில் குரல் ஒலித்தது என்றால் 70 நிமிடம், 4,200 விநாடி. 240ஆல் பெருக்கினால் பத்து இலட்சத்துக்குச் சற்று மேல். ஒரு பள்ளி நாளில் இரண்டு நாண்களும் பத்து இலட்சம் தடவை தட்டிக்கொள்கின்றன. பின்னேர ரியூசனும் ஞாயிறு அறநெறி வகுப்பும் இதில் சேரவில்லை.

முடிச்சு வந்த பின் இன்னொரு சிக்கல் தொடங்குகிறது. மேடுகள் இரண்டும் முதலில் முட்டிக்கொள்வதால் அவற்றின் முன்னும் பின்னும் நாண்கள் முழுதாகச் சேர்வதில்லை. அந்த இடைவெளியால் காற்று வீணாகக் கசியும். குரல் காற்றோடு கலந்து வரும். பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை என்று டீச்சர் இன்னும் இறுக்கிக் கத்துவார். இறுக்கினால் அடி கூடும், அடி கூடினால் மேடும் கூடும். குரல் கம்மியவர் மெதுவாகப் பேசுவார் என்று நாம் நினைப்போம். நடப்பது இதற்கு நேர்மாறு.

இனி ஓய்வைப் பற்றி. முடிச்சு என்று தெரிந்ததும் டீச்சர் தாமாகவே ஒரு முடிவெடுத்தார். பத்து நாள் விடுப்புப் போட்டு மௌன விரதம் இருந்தார். ஆனால் வீட்டில் அவசியமானதை எல்லாம் இரகசியம் பேசுவது போலக் காற்றுக் குரலில் சொன்னார். பதினோராம் நாள் பாடசாலைக்குப் போனார். வெள்ளிக்கிழமை வருவதற்குள் குரல் போய்விட்டது. பத்து நாள் விடுப்பும் போனது, குரலும் போனது என்று எங்கள் முன்னால் அழுதார்.

அங்கே இரண்டு பிழைகள் இருந்தன. முதலாவது, காற்றுக் குரல் ஓய்வு அன்று. கமரா வைத்துப் பார்த்தால், இரகசியம் பேசும்போது பலருக்கு நாண்களுக்கு மேலே உள்ள தொண்டைத் தசைகள் சுருங்கி நெரிப்பது தெரியும். எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. ஆனால் தமக்கு நடக்கிறதா என்று கமரா இல்லாமல் தெரியாது. ஆகவே பேசித்தான் ஆக வேண்டும் என்றால், பக்கத்தில் இருப்பவரோடு தாழ்ந்த, இயல்பான குரலில் சொற்பமாகப் பேசுவதே நல்லது. முடியாவிட்டால் எழுதிக் காட்டலாம்.

இரண்டாவது பிழை பெரியது. முழு மௌனம் அடிபட்ட இடத்தின் வீக்கத்தைத் தணிக்கும். அடிக்கும் பழக்கத்தை அது மாற்றாது. சத்திர சிகிச்சைக்குப் பின், அல்லது கத்தும்போது நாணில் இரத்தம் கசிந்து குரல் திடீரென்று நின்றுவிட்டால், வைத்தியர் சில நாட்களுக்கு முழு மௌனம் சொல்வார். அப்போது அதை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். முடிச்சுக்கு வேண்டியது வேறு விதமான ஓய்வு. நாளுக்குள் சின்னச் சின்னதாகப் பரவிய ஓய்வு.

அதை எப்படிச் செய்தோம் என்று சொல்கிறோம். ஒரு கொப்பியில் ஒரு வாரம் குறிப்பு எழுதச் சொன்னோம். ஒவ்வொரு பாடவேளை முடிந்ததும், பேசுவதற்கு எவ்வளவு முயற்சி வேண்டியிருந்தது என்று சுழியத்தில் இருந்து பத்து வரை ஒரு எண். கொப்பி திரும்பி வந்தபோது எங்கள் இருவருக்குமே வியப்பு. கணிதப் பாடத்தில் நீண்ட நேரம் விளக்கிய நாட்களில் எண் நான்குதான். எட்டும் ஒன்பதும் நான்கு இடங்களில் மட்டும் வந்தன. காலைக் கூட்டத்தில் மைதானத்தின் மறுகோடியில் இருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டது, பக்கத்து வகுப்பு உரத்து வாசித்தபோது தானும் படிப்பித்தது, மழைக்கு மேலால் பேசியது, பின்னேர ரியூசன். ஆகவே டீச்சர் முழு நாளும் வாயை மூடத் தேவையில்லை. அந்த நான்கு இடங்களைத் திருத்தினால் போதும்.

இரைச்சல் நடுவே பேசும்போது நம்மை அறியாமலே குரல் உயரும். 1911இல் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு வைத்தியர் இதைக் கவனித்துச் சொன்னார், இன்றும் அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். மனதை அடக்கி வெல்லக்கூடிய பழக்கம் அன்று. இரைச்சலைக் குறைத்தால்தான் குரல் இறங்கும். டீச்சர் பக்கத்து வகுப்பு அக்காவோடு இருந்து பேசி நேரசூசியைச் சேர்த்துப் பார்த்தார். ஒரு வகுப்பு உரத்து வாசிக்கும் பாடவேளையில் மற்ற வகுப்பு எழுதும், வரையும், கணக்குச் செய்யும். அடுத்த பாடவேளையில் மாறிக்கொள்வார்கள். ஒரு சதம் செலவில்லை. அந்த அக்காவின் குரலுக்கும் அது ஓய்வானது.

மழைக்கு எதிராகப் பேசுவதை முற்றாக நிறுத்தினார். பெருமழை தொடங்கினால் எழுத்து வேலை என்று பிள்ளைகளுக்குப் பழக்கினார். மேசைக்குக் கீழே அதற்கென்றே சில படங்களும் பயிற்சித் தாள்களும் ஆயத்தமாக இருந்தன. பிள்ளைகளை அழைக்க ஒரு சிறு மணி. கவனம் வேண்டும்போது கையை உயர்த்துவார், கண்டவர்கள் தாங்களும் உயர்த்துவார்கள், அரை நிமிடத்தில் வகுப்பு அடங்கும். கடைசி வரிசைப் பிள்ளையோடு பேச வேண்டுமானால் கடைசி வரிசைக்கே நடப்பார். ரியூசனை ஐந்து நாளில் இருந்து இரண்டு நாளாகக் குறைத்தார். வருமானம் குறைந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது.

அடுத்தது தண்ணீர். பலர் நினைப்பது, தண்ணீர் குடித்தால் அது நாண்களை நனைத்துக்கொண்டு போகும் என்று. ஒரு துளி நாண்களில் பட்டாலும் நமக்குப் புரையேறிவிடும். குடிக்கும் தண்ணீர் பின்னால் உள்ள உணவுக் குழாயால் வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, பிறகுதான் நாண்களின் மேலே உள்ள மெல்லிய சளிப் படலத்தை வந்து சேர்கிறது. அந்தப் படலம் நீர்த்து வழுக்கலாக இருந்தால் நாண்கள் குறைந்த காற்றழுத்தத்திலேயே அதிரும். காய்ந்தால் ஒட்டும், இழுக்கும். வயிற்றில் இருந்து நாணுக்கு வர நேரம் எடுப்பதால், குரல் கம்மிய பிறகு ஒரு போத்தலை மடமடவென்று குடிப்பதில் உடனடிப் பயன் இல்லை. காலையில் எழும்பியதில் இருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும்.

எவ்வளவு? எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண் இல்லை. ஒரு நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் என்று தொடங்கலாம். சிறுநீர் வெளிறிய நிறத்தில் போகிறதா என்று பார்ப்பதுதான் நல்ல அளவுகோல். சிறுநீரக வருத்தமோ இதய வருத்தமோ உள்ளவர்கள் தங்கள் வைத்தியர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. தேத்தண்ணியை விட வேண்டுமா என்று நம் ஆட்கள் எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கோப்பை சாயத்தண்ணி நாண்களைக் காயவைக்காது, அதுவும் தண்ணீர்க் கணக்கில் சேரும். இரவில் நெஞ்செரிச்சல் வருபவர்கள் மட்டும் படுப்பதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன் சாப்பாட்டையும் பால் தேத்தண்ணியையும் முடித்துக்கொள்வது நல்லது.

ஆனால் டீச்சர் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் அறியாமை இல்லை. நாங்கள் கேட்டபோது முதலில் சிரித்தார், பிறகு மெல்லச் சொன்னார். பாடசாலையில் ஆசிரியைகளுக்கு ஒழுங்கான கழிப்பறை இல்லை. இருப்பது ஒன்று, பூட்டுப் போட முடியாதது, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்பது. ஆகவே காலை ஆறு மணிக்குக் குடிக்கும் தேத்தண்ணிக்குப் பிறகு, பிற்பகல் இரண்டு மணி வரை அவர் வாயில் ஒரு மிடறும் வைப்பதில்லை. எட்டு மணி நேரம். தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்த அக்காமாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. தண்ணீர் குடியுங்கள் என்று ஒரு துண்டுப் பிரசுரத்தை அவர் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் என்ன பயன் கிடைத்திருக்கும்? அதிபரோடும் பெற்றாரோடும் பேசி, ஒரு கதவும் தாழ்ப்பாளும் ஒரு தண்ணீர்த் தாங்கியும் வந்த பிறகுதான் அவருடைய போத்தல் பையில் இருந்து மேசைக்கு வந்தது.

ஆவி பிடிப்பது பற்றியும் கேட்பார்கள். வெறும் தண்ணீர் ஆவி நேரடியாக நாண்களுக்குப் போகும், ஐந்து நிமிடம் மாலையில் பிடிப்பது இதமாக இருக்கும். தைலம் எதுவும் போட வேண்டாம், அது சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். பாத்திரத்தை மடியில் வைக்காதீர்கள், மேசையில் வையுங்கள். சுடுநீர் கவிழ்ந்து வெந்துபோய் வந்தவர்களை வைத்தியசாலையில் பார்த்திருக்கிறோம். புதினாச் சுவையுள்ள மாத்திரைகள் தொண்டையைக் குளிரவைத்து, நோவை மறைத்து, இன்னும் பேசச் செய்யும். அதனால் அவற்றை நம்பி வகுப்புக்குப் போக வேண்டாம்.

பழக்கங்களில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறோம். முடிச்சு உள்ளவர்களுக்குத் தொண்டையில் ஏதோ ஒட்டியிருப்பது போலத் தோன்றும். செருமிச் செருமி எடுக்கப் பார்ப்பார்கள். எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது, இருப்பது மேடுதான். ஒவ்வொரு செருமலும் நாண்களை ஓங்கி அடிக்கும், அந்த எரிச்சலால் இன்னும் சளி ஊறும், திரும்பவும் செரும வரும். டீச்சர் ஒரு பாடவேளையில் எத்தனை தடவை செருமுகிறார் என்று எண்ணும்படி முன்வரிசைப் பிள்ளை ஒருத்தியிடம் சொன்னோம். பதினேழு என்று அவள் கொண்டுவந்தாள். செரும வரும்போது ஒரு மிடறு தண்ணீர், இல்லையென்றால் வெறுமனே ஒரு விழுங்கல், அல்லது வாயை மூடி மெல்ல ஒரு “ம்ம்”. இரண்டு வாரத்தில் அந்தப் பிள்ளைக்கு எண்ண வேலை இல்லாமல் போனது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். அறிவுரை மட்டும் போதாது. அமெரிக்காவில் நெல்சன் ரோய் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் குரல் கெட்ட 44 ஆசிரியர்களைச் சீட்டுப்போட்டது போல மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நாம் சொன்னது போன்ற பழக்க அறிவுரை. ஒரு பிரிவுக்கு இடுப்பில் கட்டும் சிறு ஒலிபெருக்கி. ஒரு பிரிவுக்கு எதுவும் இல்லை. ஆறு வாரத்துக்குப் பின் ஒலிபெருக்கி அணிந்தவர்களின் குரல் தெளிவாகத் தேறியிருந்தது. அறிவுரை மட்டும் பெற்றவர்களில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணவில்லை. 2002இல் வெளியான ஆய்வு இது. அதற்கு முந்திய வருடம் அதே குழு செய்த இன்னோர் ஆய்வில், குரல் பயிற்சி செய்தவர்கள் தேறினார்கள், அறிவுரை மட்டும் கேட்டவர்கள் அவ்வளவாகத் தேறவில்லை.

ஆகவே டீச்சருக்கும் இரண்டையும் சேர்த்தோம். தலையில் மாட்டும் மைக், இடுப்பில் சிறு பெட்டி, இரவில் சார்ஜ் செய்து காலையில் கொண்டுபோகலாம். மைக் வாயின் ஓரத்தில் இரண்டு விரல் தூரத்தில் இருக்க வேண்டும், நேர் முன்னால் இருந்தால் மூச்சுக்காற்று இரையும். முதல் நாள் டீச்சர் மைக்கைப் போட்டுக்கொண்டும் பழையபடி உரத்தே பேசினார். அப்படிப் பேசினால் பயனே இல்லை. பக்கத்தில் ஒருத்தி இருந்து கதைப்பது போலத் தாழ்த்திப் பேச வேண்டும், மிச்ச வேலை பெட்டியினுடையது. அதைப் பழக ஒரு வாரம் எடுத்தது. சுவரில்லாத மண்டபம் என்பதால் பெட்டியின் சத்தத்தையும் தன் வகுப்பு அளவுக்கே வைத்தார்.

பயிற்சி எளியது. அரைக் கோப்பைத் தண்ணீரில் ஒரு ஸ்ட்ரோவை இரண்டு சென்றிமீற்றர் அமிழ்த்தி, உதட்டால் கவ்விக்கொண்டு, குமிழி வரும்படி “ஊ” என்று மெல்ல ஒலிக்க வேண்டும். கழுத்து இறுகக் கூடாது. குழாயின் எதிர்ப்பால் காற்று சற்றுத் திரும்பி அழுத்துவதால் நாண்கள் ஓங்கி மோதாமல் மென்மையாக அதிரும். இரண்டு மூன்று நிமிடம், ஒரு நாளுக்கு நான்கைந்து தடவை. முதல் தடவை காலைக் கூட்டத்துக்கு முன், கடைசித் தடவை பாடசாலை விட்ட பின். மற்றப் பயிற்சிகளை ஒவ்வொருவரின் குரலையும் கேட்டே சொல்ல வேண்டும், அதற்குச் சிகிச்சையாளரிடம் வாருங்கள். நம் நாட்டில் இப்படிச் சிகிச்சையாளர்களைக் களனிப் பல்கலைக்கழகத்தின் றாகமை மருத்துவ பீடம் பயிற்றுவிக்கிறது. அரசாங்க வைத்தியசாலைகளில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு வழியாக எங்களிடம் வரலாம்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் கமரா வைத்துப் பார்த்தார்கள். ஒரு பக்கத்து மேடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. மற்றது சிறிதாக இருக்கிறது. சத்திர சிகிச்சை வேண்டாம் என்று வைத்திய நிபுணர் சொன்னார். வெட்டி எடுத்தாலும் கத்தும் பழக்கம் மாறாவிட்டால் திரும்ப வரும் என்பதால் முதலில் இந்த வழியையே பார்ப்பார்கள். இன்று டீச்சரின் குரல் கடைசிப் பாடவேளை வரை நிற்கிறது. ஆனால் நம் கல்லூரிப் பாடகர் குழுவில் மேல்சுருதி பாடிய அந்தக் குரல் முழுதாகத் திரும்பவில்லை. மூன்று மாதம் தாமதிக்காமல் வந்திருந்தால் திரும்பியிருக்குமா என்று அவர் கேட்கிறார். எங்களிடம் பதில் இல்லை.

நீங்களே வீட்டில் பார்க்க ஒரு சிறு சோதனை உண்டு. வாரத்துக்கு ஒரு நாள், அதே நேரத்தில், உங்களுக்குப் பழகிய ஒரு தாலாட்டை மிக மெதுவாகவும் மிக உயர்ந்த சுருதியிலும் முனகிப் பாருங்கள். குழந்தையை எழுப்பாத அளவுக்கு மெதுவாக. உரத்துப் பாடும்போது வீக்கம் மறைந்துகொள்ளும், மெதுவாகப் பாடும்போதுதான் அது பிடிபடும். குரல் தொடங்கத் தாமதித்தால், நடுவில் அறுந்தால், சென்ற வாரம் வந்த சுருதி இந்த வாரம் வராவிட்டால், அந்த வாரம் குரலைக் குறைத்துச் செலவழியுங்கள்.

மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் நீடித்தால் கட்டாயம் தொண்டையைக் காட்டுங்கள். மூச்சு விடச் சிரமம், விழுங்க நோவு, இருமலில் இரத்தம், கழுத்தில் கட்டி, காரணமின்றி உடல் மெலிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மூன்று வாரம்கூடப் பார்க்க வேண்டாம். புகைப்பவர்களும், வெற்றிலையோடு புகையிலை போடும் நம் தாய்மாரும் குரல் மாறினால் அது கத்தியதால் வந்தது என்று இருந்துவிடக் கூடாது.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு கோரிக்கை. நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் என்று செயற்குழு யோசிப்பதாக அறிந்தோம். நம் பழைய மாணவிகள் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலைகளில் ஒரு சில இடுப்பு ஒலிபெருக்கிகள், மண்டபத்துக்குள் வைக்கும் தடுப்புப் பலகைகள், ஆசிரியைகளுக்குக் கதவும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறை. இந்த மூன்றில் எதைத் தொடங்கினாலும் மூன்றாவதில் இருந்து தொடங்குங்கள். மற்ற இரண்டும் இல்லாவிட்டாலும் அது இருந்தால் ஒரு டீச்சர் தண்ணீர் குடிப்பார்.

பக்கத்தில் இருக்கும் டீச்சர் இப்போது கையை உயர்த்துகிறார். அவருடைய வகுப்புப் பிள்ளைகளுக்கு அதன் பொருள் தெரியும். உங்களுக்கும் இனித் தெரியும். நாங்கள் இத்துடன் நிறுத்துகிறோம்.